‘பார்த்துச் செஞ்சிடுறேன்’ வேண்டாம், தொகையை எழுதுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் வருவார். நிறையப் படிப்பவர். அவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசினால் பக்கத்தில் நிற்பவரும் அதைக் கையில் எடுப்பார். புதுவரவுகளுக்கு அவரையே மதிப்புரை எழுதச் சொல்லலாம், சும்மா வேண்டாம், பணம் கொடுத்துவிடலாம் என்று நினைத்து வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: “வணக்கம் டீச்சர். நம்ம கடைக்குப் புதுப் புத்தகம் நிறைய வந்திருக்கு. படிச்சுட்டு நல்லா ஒரு ரிவ்யூ எழுதிக் கொடுங்க. கூகுள், அமேசான்லயும் போட்டுடுங்க. உண்டானதைப் பார்த்துச் செஞ்சிடுறேன்.” நீல டிக் விழுந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் இல்லை. இரண்டு சனிக்கிழமையாகக் கடைக்கும் வரவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டேனா? எப்படி எழுதியிருக்க வேண்டும்? எவ்வளவு கொடுப்பது முறை?

— புத்தகக் கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று. டீச்சர் கோபித்துக்கொண்டார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் ஆசிரியர்களுக்குச் சனி ஞாயிறு கிடையாது. அது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் செய்தியைப் படித்துப் பார்த்தால், நேரம் இருந்திருந்தாலும் அவருக்குப் பதில் எழுதக் கை வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. நான் பத்திரிகையில் புத்தகப் பக்கத்தைப் பல வருடம் பார்த்தவன், பதிப்பகத்திலும் வேலை செய்தவன். எழுதச் சொல்லி வரும் இந்த மாதிரிக் கடிதங்களை நான் வாங்கியும் இருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன். சிக்கல் எங்கே என்று சொல்கிறேன்.

“உண்டானதைப் பார்த்துச் செஞ்சிடுறேன்.” இதை நீங்கள் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். எவ்வளவு என்று அவர் கேட்டால், பணத்துக்காக வருகிறவர் போல் ஆகிவிடும். கேட்காமல் சரி என்றால், ஒரு புத்தகத்துக்கா, மாதத்துக்கா, பணமா, புத்தகமா என்று எதுவும் தெரியாமல் தலையாட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வாராவாரம் வந்து நிற்கிற கடையில் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வழியும் அவருக்குச் சங்கடம். அதனால் நான்காவது வழியை எடுத்திருக்கிறார், அதாவது பேசாமல் இருந்துவிட்டார். தொகையை நீங்கள் எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் முழுவதையும் நீங்களே சுமந்திருப்பீர்கள். அழைக்கிறவர்தான் அதைச் சுமக்க வேண்டும்.

அடுத்தது “நல்லா ஒரு ரிவ்யூ”. நன்றாக எழுதப்பட்ட மதிப்புரை என்ற பொருளில்தான் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஆனால் பக்கத்திலேயே பணமும் இருப்பதால், படிக்கிறவர் அதை ‘நல்லதாக எழுதிக் கொடுங்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். மாணவர் எழுதியதை எடைபோட்டு மார்க் போடுகிறவரிடம், காசு தருகிறேன், நல்ல மார்க் போடுங்கள் என்று சொன்னது போல அது போய்ச் சேர்ந்திருக்கும். இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். நீங்கள் கொடுக்கும் பணம் அவர் படிக்கிற நேரத்துக்கும் எழுதுகிற உழைப்புக்கும்தான், பாராட்டுக்கு இல்லை. இது உங்கள் மனதில் இருந்தால் போதாது. முதல் செய்தியிலேயே, கண்ணில் படுகிற மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும்.

கூகுள், அமேசான் விஷயத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பணமோ இலவசப் பொருளோ கொடுத்து எழுதி வாங்கிய மதிப்புரையை அந்த இரண்டு இடத்திலும் அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். கூகுளில் உங்கள் கடைப் பக்கத்தில் எழுதுவது கடையைப் பற்றிய கருத்துதானே தவிர, புத்தகத்தைப் பற்றியது அல்ல. அங்கே காசு கொடுத்து எழுத வைத்தால், உண்மையான வாடிக்கையாளர்கள் மனமுவந்து எழுதிய வரிகளின் மேலும் சந்தேகம் விழும். அமேசானில் போடச் சொல்வதோ இன்னும் விசித்திரம். உங்கள் காசில் எழுதிய எழுத்து, உங்களோடு போட்டி போடுகிற கடையில் போய் விற்பனை செய்யும். டீச்சரின் எழுத்துக்கு உரிய இடம் உங்கள் அலமாரிதான்.

சரி, அவரிடம் என்னதான் கேட்பது? தமிழில் நூல் அறிமுகம், மதிப்புரை, விமர்சனம் என்று மூன்று சொல்லையும் கலந்து பேசுகிறோம். எழுதுகிறவருக்கு அவை மூன்று வேறு வேலைகள். விமர்சனம் என்றால் அந்த எழுத்தாளரின் மற்ற புத்தகங்களையும் படித்து, அந்த வகை எழுத்தில் இது எங்கே நிற்கிறது என்று வாதாட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மதிப்புரை ஒரு பத்திரிகைப் பக்கத்துக்கு உரியது, நானூறு ஐந்நூறு சொல் வேண்டும். கடைக்கு வேண்டியது அறிமுகம். புத்தகத்தைக் கையில் எடுத்து நிற்கிறவர் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு, இது எனக்கானதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும்படி எண்பதிலிருந்து நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதுவது. ‘ரிவ்யூ’ என்று நீங்கள் எழுதியதும் டீச்சர் மனதில் பெரிய கட்டுரை வந்திருக்கும். அதுவும் அவரை மலைக்க வைத்திருக்கும்.

நல்ல அறிமுகம் எப்படி இருக்கும் என்று காட்ட, ஒரு நாவலுக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு, அலமாரியில் ஒட்டும் சீட்டின் ஒரு பகுதியை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்: “முதல் நாற்பது பக்கம் பொறுமை வேண்டும். சொந்தக்காரர்கள் பெயரே பத்துப் பதினைந்து வரும். கிணறு தூர்வாரும் இடத்தில் கதை பிடித்துக்கொள்கிறது, அதன் பிறகு நான் கீழே வைக்கவில்லை. பேச்சுவழக்கு கரிசல் பக்கத்தது. டெல்டாக்காரர்களுக்கு ஒன்றிரண்டு சொல் புதிதாக இருக்கும், அர்த்தம் தானாகப் புரியும். மாமியார் மருமகள் பேச்சுக்காகவே இரண்டாம் முறை படித்தேன். கடைசி அத்தியாயம் அவசரமாக முடிந்த மாதிரி எனக்குப் பட்டது.” இதில் குறையும் இருக்கிறது. இருந்தாலும் படிக்கிறவருக்குப் புத்தகத்தைப் புரட்டத் தோன்றும். ‘அனைவரும் படிக்க வேண்டிய அற்புதமான படைப்பு’ என்று எழுதினால் யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அந்த வரியை எந்தப் புத்தகத்தின் மேலும் ஒட்டலாம். சீட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் செய்வது இதுதான். புத்தகத்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, இது பக்கத்துப் புத்தகத்துக்கும் பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பேன். பொருந்தினால், எழுதியவர் பின்னட்டையை மட்டும் படித்திருக்கிறார்.

பணக் கணக்குக்கு வருவோம். பதிப்பகம் விலையில் உங்கள் கடைக்கு விட்டுக்கொடுக்கும் கழிவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நூற்றுக்கு முப்பது என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். 350 ரூபாய் நாவல். கழிவு 105 ரூபாய். வாடிக்கையாளருக்கு நீங்கள் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 35 போய் 70 ரூபாய் மிஞ்சும். டீச்சருக்கு ஒரு அறிமுகத்துக்கு 500 ரூபாய் என்றால், அதை எடுக்கவே வழக்கத்தைவிட எட்டுப் பிரதி கூடுதலாக விற்க வேண்டும். படிக்கக் கொடுக்கும் பிரதியும் உங்கள் கணக்கில் என்றால் கழிவு போக அது இன்னொரு 245 ரூபாய். அப்போது பதினோரு பிரதி. ஆகவே வருகிற எல்லாப் புத்தகத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மாதத்துக்கு மூன்று போதும். ஒரு சீட்டு நல்ல சீட்டாக இருந்தால் மூன்று மாதமானாலும் அலமாரியில் நின்று வேலை செய்யும். எட்டுப் பிரதி எட்ட முடியாத எண் இல்லை.

டீச்சர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 220 பக்க நாவலைக் கவனமாகப் படிக்க ஐந்தாறு மணி நேரம். நூற்றைம்பது சொல் எழுதித் திருத்த ஒன்றரை மணி. ஏழு மணி நேரத்துக்கு 500 என்றால் மணிக்கு 70 ரூபாய்க்குச் சற்று மேல்தான் வருகிறது. முறையான கூலி என்று இதைச் சொல்ல முடியாது, உங்கள் கடையால் கொடுக்க முடிந்த தொகை என்றுதான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட தொகை நியாயமாக இருக்க ஒரே வழி, அவர் எப்படியும் படிக்க விரும்பியிருக்கக்கூடிய புத்தகத்தை அவரே எடுத்துக்கொள்வது. ‘இந்த மூன்றையும் படித்து எழுதுங்கள்’ என்று கட்டிக் கொடுக்காதீர்கள். புதுவரவு அடுக்கின் முன் நாற்காலி போட்டு, இதில் எது வேண்டுமோ எடுங்கள் என்று சொல்லுங்கள். விற்காமல் நிற்கிற புத்தகத்தை அவர் தலையில் கட்டினால், அவரும் எழுத மாட்டார், அதுவும் விற்காது.

பிரதி விஷயத்தில் ஒரு யோசனை. பதிப்பகங்கள் பத்திரிகைகளுக்கு மதிப்புரைப் பிரதி அனுப்புவது பழைய வழக்கம். ‘மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்’ என்று தமிழ் இதழ்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். உங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பதிப்பகத்திடம் ஒரு பிரதி கேட்டுப் பாருங்கள். நான் பதிப்பகத்தில் இருந்தபோது கடைக்காரர் யாராவது கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்போம், ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. கேட்கும்போதே, சாதகமாகத்தான் எழுதுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். படித்த பிரதி டீச்சருக்கே சொந்தம். புத்தகம் கொடுத்தோமே என்று பணத்தில் கழிக்க வேண்டாம். படித்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதிய பிரதியைத் திரும்ப வாங்கி விற்கவும் முடியாது.

அவருக்குப் புத்தகம் பிடிக்காமல் போனால்? இந்தக் கேள்விக்கு இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பத்துப் புத்தகத்தில் இரண்டு மூன்று அப்படி ஆகலாம். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் முழுத் தொகையையும் கொடுங்கள். சீட்டு வேண்டாம். இந்த இடத்தில் கடைக்காரருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பதிப்பாளருக்கு அந்தப் புத்தகத்தில் முதல் முடங்கியிருக்கும், அதை எப்படியாவது விற்றாக வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் எடுத்திருந்தால் பிரதிகளைத் திருப்பிவிடலாம், அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம். டீச்சர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், அவர் வேண்டும் என்று சொல்கிற இன்னொன்றின் மேல் உங்கள் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கூடும். ஆகவே நேர்மையாக எழுதச் சொல்ல உங்களால் முடியும். பதிப்பகத்துக்கு அது கஷ்டம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. இளவயதில் ஒரு பதிப்பகம் அவர்களுடைய புத்தகப் பட்டியலுக்குச் சிறு அறிமுகங்கள் எழுதச் சொன்னது. ஒரு பயண நூலுக்கு எழுதியபோது, ‘பாதிக்கு மேல் தங்குமிடமும் சாப்பாடும்தான், ஊர் குறைவு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அச்சில் அந்த வரி இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் பெயர் மட்டும் கீழே இருந்தது. என்னை நம்பி அதை வாங்கிய நண்பர் ஒருவர், “நீ படிச்சியா இல்லையா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் அங்கே எழுதவில்லை. கொடுத்த பணம் சரியாகத்தான் வந்தது. ஆனால் என் பெயரை நான் விற்கவில்லையே, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற வருத்தம் இன்றுவரை இருக்கிறது. டீச்சர் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவரைக் கேட்காமல் வெட்டாதீர்கள். விலை, பக்கம், பெயர் இவற்றில் பிழை இருந்தால் சொல்லித் திருத்தலாம். கருத்தைத் தொடக் கூடாது. வரி பிடிக்கவில்லையென்றால் சீட்டையே போடாமல் விடுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்து, பணம் கொடுத்தது வாசகருக்குத் தெரிய வேண்டும். டீச்சர் எழுதியதை உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் போடப் போகிறீர்கள் அல்லவா, அங்கே இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. பரிந்துரைக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையே பணமோ இலவசப் பொருளோ கைமாறி, அது பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் உண்டு. சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்களுக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தனியாக ஒரு கையேடும் வெளியிட்டது. எளிய மொழியில், கண்ணுக்குத் தப்பாத இடத்தில் சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது என்கிறது அது. உங்களுக்கு ஒரு வரி போதும்: ‘இந்த அறிமுகத்தை எழுத எங்கள் கடை சன்மானம் கொடுத்திருக்கிறது. கருத்து எழுதியவருடையது.’ அலமாரிச் சீட்டிலும் இதைச் சின்னதாகப் போடுங்கள். இதனால் விற்பனை குறையுமோ என்று பயப்பட வேண்டாம். குறையையும் சேர்த்து எழுதிய சீட்டின் கீழே இந்த வரி இருந்தால், படிக்கிறவருக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும். குறையே இல்லாத சீட்டின் கீழேதான் அது உறுத்தும்.

டீச்சர் அரசுப் பணியில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் வெளியே பணத்துக்கு வேலை செய்ய அதில் கட்டுப்பாடுகள் உண்டு. எப்போதாவது எழுதுவதற்கும் மாதாமாதம் சன்மானம் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கலாம். அது அவர் தலைமையாசிரியரிடமோ அலுவலகத்திலோ கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அவர் மௌனத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ‘யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உதவி செய்வதாக நினைத்து அவரை இக்கட்டில் மாட்டிவிடுவீர்கள். பணம் வாங்க முடியாத நிலை என்றால், எழுதாமலே அவர் வழக்கம்போலச் சனிக்கிழமை வந்து பேசிவிட்டுப் போகட்டும். பணத்துக்குப் பதில் புத்தகமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பது சுற்றுவழி இல்லை, அதுவும் சன்மானம்தான்.

எழுத்தின் உரிமை யாருக்கு என்பதையும் ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள். காசு கொடுத்தால் எழுத்து நமக்குச் சொந்தம் என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் எழுதிய இந்த மாதிரி எழுத்து அவருக்கே சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். உங்களுக்கு உரிமை தேவையே இல்லை. அலமாரியிலும் கடையின் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் பயன்படுத்த அனுமதி போதும். நாளைக்கு அவர் அதையே விரித்து ஒரு பத்திரிகைக்கு எழுதினால் நல்லதுதானே, உங்கள் கடைச் சீட்டில் தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுதியிருக்கக்கூடிய செய்தி இது. உங்கள் பேச்சுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

“வணக்கம் டீச்சர். போன தடவை நான் அனுப்பிய செய்தி சரியாக இல்லை, அதை விட்டுவிடுங்கள். கேட்க நினைத்ததைத் தெளிவாகக் கேட்கிறேன். அன்றைக்கு அந்தச் சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘மூணாவது கதையை முதல்ல படிங்க’ என்று ஒரு பையனிடம் சொன்னீர்கள். அவன் வாங்கிக்கொண்டு போனான். அந்த மாதிரி நூறு, நூற்றைம்பது சொல் எழுதித் தர முடியுமா? புதுவரவில் உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மாதம் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்று என்றாலும் சரி. ஒரு புத்தகத்துக்கு 500 ரூபாய், எழுதிக் கொடுத்த அன்றே அனுப்பிவிடுவேன். புத்தகம் உங்களுக்கே. பிடிக்கவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், அதற்கும் இதே தொகைதான். நீங்கள் எழுதியதை உங்களைக் கேட்காமல் மாற்ற மாட்டேன். கடை அலமாரியிலும் நம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமிலும் மட்டும் போடுவேன். உங்கள் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கடை சன்மானம் கொடுத்தது என்று கீழே ஒரு வரி இருக்கும். எழுத்து உங்களுடையது, பிறகு எங்கே வேண்டுமானாலும் வெளியிடலாம். பள்ளியில் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை. முடியாது என்றாலும் சனிக்கிழமை வழக்கம்போல வாருங்கள், இதைப் பற்றி நான் மறுபடி பேச மாட்டேன்.”

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்தபின் அவர் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பலாம். அந்தப் பையன் சம்பவம் நான் கற்பனையாகப் போட்டது. அங்கே உண்மையில் உங்கள் கடையில் நடந்த ஒன்றை எழுதுங்கள். அந்த ஒரு வரிதான், இது பத்துப் பேருக்கு அனுப்பிய செய்தி இல்லை, என்னைப் பார்த்து எழுதியது என்று அவருக்குச் சொல்லும். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் அவரை ஏன் கேட்கிறோம் என்று இன்னொரு முறை யோசியுங்கள். கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிடாதீர்கள். சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம், அவர் கடைக்கு வரும்போதும் பேச்சை எடுக்க வேண்டாம்.

அவர் சரி என்றால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கும்பகோணம் போன்ற ஊரில் எழுத்தாளர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். கவிதைத் தொகுப்பை அவர்களே சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் புத்தகங்களை டீச்சர் பக்கம் நீட்டவே நீட்டாதீர்கள். கூட வேலை பார்க்கிறவரின் கணவர் எழுதிய புத்தகமாக இருக்கும். பாராட்டினால் பொய் ஆகும், குறை சொன்னால் நாளைக்குப் பள்ளியில் முகம் பார்க்க முடியாது. ‘உள்ளூர்ப் புத்தகத்துக்குச் சீட்டு கிடையாது’ என்று கடை விதியாகவே வைத்துவிட்டால், ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்கிறவருக்கு நீங்களே பதில் சொல்லலாம், டீச்சரை இழுக்க வேண்டியதில்லை.

சீட்டை அச்சடிக்காதீர்கள், கையால் எழுதி ஒட்டுங்கள். டீச்சர் கையெழுத்திலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. புத்தகத்தின் மேல் ஒட்டாமல் தட்டின் விளிம்பில், நிற்கிறவரின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒட்டுகிற அன்று அந்தப் புத்தகத்தின் பிரதிகளை எண்ணி நோட்டில் எழுதிவையுங்கள். கூடவே, அதே நாளில் வந்த, ஏறக்குறைய அதே விலையுள்ள, சீட்டு இல்லாத ஒரு புத்தகத்தையும் எண்ணிவையுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டையும் எண்ணினால் சீட்டு விற்றதா, புத்தகம் தானாக விற்றதா என்று ஓரளவு தெரியும். முதல் இரண்டு மூன்று சீட்டை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் புதுப் புத்தகங்கள் குவிகிற டிசம்பர், ஜனவரி கணக்கையும் தனியாக வையுங்கள். அந்த இரண்டு மாதத்தில் சீட்டு இல்லாமலும் விற்கும்.

அந்த நோட்டை டீச்சருக்கும் காட்டுங்கள். எந்தச் சீட்டைப் படித்துவிட்டு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அவருக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

அன்புடன்.